இரண்டு மெட்டுகள், இரண்டாகவே கேட்க

ஆணும் பெண்ணும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும்போது, பெண் குரல் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். குரல்கள் இரண்டு, காதில் விழும் மெட்டு ஒன்றுதான். கவுன்டர்பாயின்ட் என்ற ஐரோப்பிய இசைமுறையில் அப்படியல்ல. கீழே ஒரு மெட்டு, அதே நேரத்தில் மேலே வேறொரு மெட்டு. தனியாகப் பாடினால் ஒவ்வொன்றும் முழுமையாக நிற்க வேண்டும். சேர்த்துப் பாடினால் ஒன்றோடொன்று இடிக்கவும் கூடாது, ஒன்றில் ஒன்று கரைந்துபோகவும் கூடாது.

இதைப் படிப்படியாகக் கற்றுத்தந்தவர் வியன்னா அரசவை இசைக்கலைஞர் ஜோஹன் ஜோசப் ஃபுக்ஸ். 1725இல் வெளியான ‘கிராடுஸ் அட் பர்னாசும்’ என்ற லத்தீன் நூலை, ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதுபோல எழுதினார். ஹைடன் இந்நூலைத் தாமாகவே படித்துத் தேர்ந்தார். பிற்பாடு பீத்தோவனுக்கும் இம்முறையிலேயே பாடம் சொன்னார். ஃபுக்ஸ் வகுத்த படிகள் ஐந்து. முதல் படியில் கீழே ஒரு ஸ்வரத்துக்கு மேலே ஒரே ஸ்வரம்.

முதலில் இடைவெளியை எண்ணப் பழக வேண்டும். ச-வையும் சேர்த்து எண்ணினால் க மூன்றாவது, ப ஐந்தாவது, த ஆறாவது, மேல் ச எட்டாவது. முதல் படியில் இந்த 3, 5, 6, 8 இடைவெளிகளுக்கு மட்டுமே இடமுண்டு. 2, 4, 7 ஆகியவை இதில் உரசலாகக் கருதப்படுவதால் அவற்றைத் தவிர்க்கிறோம். தொடங்கும்போது 5 அல்லது 8, முடிக்கும்போது 8.

சங்கராபரண ஸ்வரங்களில் ஓர் உதாரணம் பார்ப்போம். மேல் ஸ்தாயி ஸ்வரங்களை ’ குறி காட்டுகிறது.

மேல் மெட்டு: ப – நி – ச’ – நி – ரி’ – ச’ – நி – ச’
கீழ் மெட்டு: ச – ரி – க – ப – ம – க – ரி – ச
இடைவெளி: 5 – 6 – 6 – 3 – 6 – 6 – 6 – 8

கீழ் மெட்டு ப-வில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் நேரத்தில், மேல் மெட்டு ரி’-க்கு ஏறுகிறது. இருவரின் உச்சமும் ஒரே இடத்தில் வராததே அவர்களைத் தனித்தனியாகக் காட்டுகிறது. மேல் மெட்டு பெரும்பாலும் அடுத்தடுத்த ஸ்வரத்துக்கே நகர்கிறது. நி-யிலிருந்து ரி’-க்குத் தாவியவுடன் ச’-க்கு இறங்கிவிடுகிறது. முடிவில் ரி இறங்கியும் நி ஏறியும் ச-வில் சேர்கின்றன. 5 அல்லது 8-ஐ அடையும்போது இப்படி எதிரெதிர்த் திசையில் வருவதே நல்லது.

இனி ஒரு தவறு. இரண்டாவது இடத்தில் நி-க்குப் பதிலாக த போட்டால் என்ன ஆகும்? ச-வுக்கு மேல் ப ஐந்தாவது. ரி-க்கு மேல் த-வும் ஐந்தாவது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் ஐந்தாவதிலிருந்து ஐந்தாவதுக்கு இரு குரல்களும் சேர்ந்தே நகர்வதைக் கவுன்டர்பாயின்ட் ஏற்பதில்லை. எட்டாவதுக்கும் இதே விதி.

காரணம், கேட்க மோசமாக இருக்கும் என்பதல்ல. அளவுக்கு மீறி ஒத்துப்போகிறது என்பதுதான். ச 240 ஹெர்ட்ஸ் என்றால் ப 360. ச-வின் மும்மடங்கு மேற்சுரமும் ப-வின் இருமடங்கு மேற்சுரமும் 720-இல் ஒன்றாக விழுகின்றன. தம்புராவின் ப தந்தியும் ச தந்தியும் ஒரே நாதமாகக் கலப்பது இதனால்தான். சுருதிக்கு அந்தக் கலப்பு வேண்டும். கவுன்டர்பாயின்ட்டிலோ, அடுத்தடுத்து அப்படிக் கலந்தால் இரண்டாவது மெட்டு முதல் மெட்டின் நிழலாகிவிடும். 3-உம் 6-உம் அவ்வளவு இறுகக் கலப்பதில்லை. ஆகவே அவை தொடர்ந்து வரலாம். ஆனால் மூன்று முறைக்கு மேல் தொடர்ந்தால் அங்கும் தனித்தன்மை தேயும்.

எழுதியதைச் சோதிக்க, மேல் மெட்டை மட்டும் பாடிப் பாருங்கள்; அது தானே ஒரு பாட்டாக நிற்கிறதா? பிறகு கீழ் மெட்டைப் பதிவு செய்து, அது ஒலிக்கும்போது மேல் மெட்டைப் பாடுங்கள். உங்களை அறியாமல் எந்த இடத்தில் கீழ் மெட்டுக்கு இழுக்கப்படுகிறீர்களோ, அங்கே இரு மெட்டுகளும் ஒரே திசையில் போகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இவை எல்லா இசைக்குமான சட்டமல்ல. ஃபுக்ஸ் முன்மாதிரியாகக் கொண்டது 16ஆம் நூற்றாண்டின் பாலஸ்திரினாவை. டெபுஸி அடுத்தடுத்த ஐந்தாவதுகளை வேண்டுமென்றே எழுதினார். குரல்கள் ஒன்றாகக் கலப்பதே அங்கு அவருக்குத் தேவைப்பட்டது. உரசல்களுக்கும் நிரந்தரத் தடை இல்லை. இரண்டாம் படியில் ஒரு ஸ்வரத்துக்கு மேலே இரண்டு வரும். அதில் இரண்டாவதாக வருவது 2-ஆகவோ 4-ஆகவோ 7-ஆகவோ இருக்கலாம், அடுத்தடுத்த ஸ்வரங்களின் வழியே கடந்துபோனால் போதும்.

பயிற்சி செய்தபின் பாக்கின் இரு குரல் இன்வென்ஷன்களைக் கேளுங்கள். மாணவர்களுக்காக எழுதிய அந்த 15 சிறு படைப்புகளை 1723இல் அவர் செம்மையாகப் பிரதி எடுத்தார். முதலாவதில் வலக்கை தொடங்கியதையே சற்றுப் பின்னால், ஒரு ஸ்தாயி கீழே, இடக்கை பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை இடக்கையை மட்டும் காதால் பின்தொடருங்கள், மறுமுறை வலக்கையை. மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.