மெர்சரைசிங்

மெர்சரைசிங் என்பது பருத்தி நூலை அல்லது துணியை அடர்ந்த எரிசோடாக் கரைசலில் நனைத்து, அதற்கு நிலையான பளபளப்பைக் கொடுக்கும் செய்முறை ஆகும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மெர்சர் இதற்கு 1850 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவரது முறையில் துணி வலுவடைந்தது, சாயத்தையும் நன்கு ஏற்றது, ஆனால் சுருங்கிவிட்டது. 1890 அளவில் ஹொரேஸ் லோ, துணியை இழுத்துப் பிடித்தபடியே நனைத்தால் சுருக்கம் தடுக்கப்பட்டு, பளபளப்பும் உண்டாவதைக் கண்டறிந்தார்.

பளபளப்பின் காரணம்

பருத்தி இழை இயல்பில் முறுக்கிய தட்டை நாடா போன்றது. அதன்மேல் விழும் ஒளி சிதறுகிறது. எரிசோடாவில் இழை உப்பி, முறுக்கு அவிழ்ந்து, உருளை வடிவை அடைகிறது. அதனால் ஒளி சீராகத் தெறிக்கிறது. எரிசோடாவைக் கழுவி நீக்கும் முன்னரே இழுவிசையைத் தளர்த்தினால், துணி சுருங்கிப் பளபளப்பும் குறையும்.

பிற முறைகளுடன் ஒப்பீடு

கஞ்சியிடுதல் இழையை மாற்றுவதில்லை. மாவுப்பொருள் நூல்களின் மேல் படிந்து காய்வதால் துணி விறைப்பாகிறது. துவைத்தால் அது நீங்கிவிடும். துணியில் ஒரு துளி அயோடின் இட்டால் தோன்றும் கருநீல நிறம் கஞ்சி இருப்பதைக் காட்டும்.

சான்ஃபரைசிங் முறையில் ஈரத்துணி, இழுபட்ட ரப்பர்ப் பட்டையுடன் செலுத்தப்படுகிறது. பட்டை சுருங்கும்போது துணியும் நீளவாக்கில் நெருக்கப்படுகிறது. துவைக்கும்போது 8% சுருங்கக்கூடிய 100 செ.மீ. துணியை முன்னரே 92 செ.மீ. ஆக்கிவிட்டால், தைத்த சட்டை பின்னர் பெரிதாகச் சுருங்காது. இது அளவை நிலைப்படுத்துமே தவிர, மெர்சரைசிங் தரும் பளபளப்பைத் தராது.