கோட் சூட் போட்டவர்கள் யார்டுக்கு வந்தபோது

2007-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு சரக்கு ரயில் நிறுவனத்தின் யார்டுக்கு வழக்கத்தில் இல்லாத ஆட்கள் வந்து போனார்கள். கோட் சூட் போட்டுக்கொண்டு யார்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கம்பெனியை விற்கப்போகிறார்கள், நம் வேலை என்னாகும் என்று தொழிலாளர்களுக்குள் பேச்சு கிளம்பியது. இயந்திரப் பிரிவின் துணைத் தலைவரிடமோ, கைவசம் உள்ள இன்ஜின், வேகன், கன்டெய்னர் எல்லாவற்றையும் மதிப்போடு பட்டியல் போட்டுத் தரும்படி நிர்வாகம் கேட்டது. மே 8 அன்று, தாய் நிறுவனமான ஃபுளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் இண்டஸ்ட்ரீஸை சுமார் 350 கோடி டாலருக்கு ஃபோர்ட்ரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

அந்தத் துணைத் தலைவரும் யார்டு ஊழியர் ஒருவரும் வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்ல, அவர்கள் முன்கூட்டியே பங்குகளும் ஆப்ஷன்களும் வாங்கி 10 லட்சம் டாலருக்கு மேல் லாபம் பார்த்தார்கள் என்று 2010-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. யார்டில் கண்ணால் பார்த்ததையும் கேட்ட பேச்சையும் வைத்து வழக்கா என்று அப்போதே பலர் புருவம் உயர்த்தினார்கள். ஆரம்பத்திலேயே வழக்கைத் தள்ளிவிட நீதிமன்றம் மறுத்தது. கடைசியில் 2014-இல் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. ஜெயித்தார்கள்தான், ஆனால் அதற்குள் மூன்று வருடத்துக்கு மேல் கோர்ட்டும் வக்கீலுமாகப் போய்விட்டது.

இன்சைடர் டிரேடிங் என்றால் முதலாளிமார் விவகாரம் என்றே நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள். அதில் பதவி முக்கியமில்லை. பங்குச் சந்தையில் பட்டியலான ஒரு கம்பெனியின் வெளிவராத முக்கியத் தகவல் யார் கையில் இருக்கிறதோ, அவர் இன்சைடர். மேலாளராக இருந்தாலும் சரி, டிஸ்பேட்ச் கிளார்க்காக இருந்தாலும் சரி.

எது அப்படிப்பட்ட தகவல்? இரண்டு கேள்வி போதும். இது பொதுமக்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிறதா? வெளியே தெரிந்தால் பங்கு விலை நன்றாகவே ஆடுமா? முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்றால் அது விதிக்குள் வந்துவிடும். காலாண்டு முடிவுகள், டிவிடெண்ட், இணைப்பு, கையகப்படுத்தல், மூலதன மாற்றம், உயர்பதவிகளில் மாற்றம் என்று ஒரு பட்டியலையும் செபி தந்திருக்கிறது. வழக்கமான தொழில் போக்கில் வராத பெரிய ஆர்டர் கிடைப்பதும் ரத்தாவதும், மோசடி, கடன் தவணை தவறுதல் போன்றவற்றை 2025-இல் அதில் சேர்த்தார்கள். பட்டியலில் இல்லாததெல்லாம் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. அந்த இரண்டு கேள்விதான் அடிப்படை.

பொதுவில் வந்துவிட்டது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம் பொதுத் தகவல் ஆகிவிடாது. கேன்டீனில் ஆயிரம் பேர் பேசினாலும் அது உள்விவகாரம்தான். உறுதிசெய்யப்படாத செய்தி பத்திரிகையிலோ டிவியிலோ வந்தாலும் கணக்கில் சேராது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். கம்பெனி பங்குச் சந்தைக்கு அனுப்பும் அறிவிப்பு, சந்தையின் இணையதளத்தில் ஏறிய பிறகே எல்லோருக்கும் தெரிந்ததாகிறது.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தில் பட்டியலான உதிரிபாகக் கம்பெனி ஒன்று. விற்பனையில் பாதி ஒரே கார் கம்பெனிக்குப் போகிறது. ஒரு திங்கட்கிழமை, டிஸ்பேட்ச் பிரிவில் இருக்கும் ஊழியருக்கு மெயில் வருகிறது: அந்த வாடிக்கையாளருக்கு இனி லோடு ஏற்ற வேண்டாம், கட்டிய பெட்டிகளைக் குடோனுக்குத் திருப்பவும். காரணம் எழுதவில்லை. ஆனால் ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று புரிந்துகொள்ள அவருக்கு அதுவே போதும். கையில் 500 பங்குகள் இருக்கின்றன. அன்று மதியமே 240 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். அடுத்த வாரம் அறிவிப்பு வருகிறது, விலை 180-க்கு இறங்குகிறது.

அவர் சம்பாதித்தது எதுவுமில்லை. 30,000 ரூபாய் நஷ்டத்தைத் தவிர்த்தார், அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றே. செபி சட்டத்தின் 15ஜி பிரிவு சொல்லும் குறைந்தபட்ச அபராதம் 10 லட்சம் ரூபாய். உச்சவரம்பு 25 கோடி அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. தப்பித்த 30,000-ஐயும் வட்டியோடு கக்க வேண்டிவரலாம். குற்ற வழக்காகப் போனால் பத்தாண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது, அதனால்தான் விற்றேன் என்று அவர் சொல்லிப் பார்க்கலாம். எடுபடுவது கடினம். தகவல் கையில் இருக்கும்போது வியாபாரம் செய்தால், அந்தத் தகவலால்தான் செய்தார் என்று விதி எடுத்துக்கொள்கிறது. எதற்காக விற்றார், பணத்தை என்ன செய்தார் என்பது பொருட்டில்லை என்று விதிமுறையின் குறிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. 2022-இல் அபிஜித் ராஜன் வழக்கில், குழும நிறுவனத்தின் கடன் நெருக்கடியைத் தீர்க்க அவசரமாக விற்றதை உச்சநீதிமன்றம் குற்றமாகப் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் அது பழைய விதிமுறைகளின் கீழ் வந்த வழக்கு. வெளிவந்தால் விலை ஏறக்கூடிய தகவலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் விற்றிருந்தார். விலை விழப்போகிறது என்று தெரிந்து விற்ற நம் டிஸ்பேட்ச் ஊழியருக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

இன்னொன்று, ஊழியர் என்பதாலேயே அவர் கம்பெனியோடு தொடர்புடையவர் ஆகிறார். தன்னிடம் அந்தத் தகவல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. வெளியாள் என்றால் செபிதான் நிரூபிக்க வேண்டும். மெயில்பெட்டியில் அந்தத் திங்கட்கிழமைக் கடிதம் கிடக்க, எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

500 பங்கு யார் கண்ணில் படப்போகிறது என்ற நினைப்பும் சரியல்ல. விலை திடீரென ஆடினால், அறிவிப்புக்கு முன்பு வாங்கியவர்கள், விற்றவர்கள் யார் என்று பின்னோக்கித் தேடுவதுதான் விசாரணை முறை. ஒவ்வொரு வியாபாரமும் பான் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. ரகசியம் யார் யாரோடு பகிரப்பட்டது என்று பெயரும் பானும் போட்டு ஒரு டிஜிட்டல் பதிவேட்டைக் கம்பெனி வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி.

விற்காமல் மச்சானிடம் சொல்லிவிட்டால்? சொல்வதே தனி மீறல். வேலை நிமித்தம் அல்லாமல் அந்தத் தகவலை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் ஒரு ரூபாய்கூடப் பார்க்கவில்லை என்றாலும் மீறல்தான். வாங்கிக்கொண்ட மச்சானும் அந்த நிமிடமே இன்சைடர் ஆகிவிடுகிறார். தகவல் சொந்தக் கம்பெனியைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாடிக்கையாளர் கம்பெனியின் இணைப்பு வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர் ஊழியருக்கு, அந்த வாடிக்கையாளரின் பங்கும் தொடக் கூடாததே.

கணக்குப் பிரிவு போன்ற இடங்களில் இருப்பவர்களைக் கம்பெனி தனியாகக் குறித்துவைத்திருக்கும். காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அவர்களுக்கு வர்த்தக ஜன்னல் மூடியிருக்கும். ஜன்னல் திறந்திருந்தாலும், வேறு வெளிவராத தகவல் தெரிந்திருந்தால் வாங்கவோ விற்கவோ கூடாது. இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஈசாப் விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. முன்பே நிர்ணயித்த விலையில் ஆப்ஷனைப் பங்காக மாற்றிக்கொள்ளத் தடையில்லை. அப்படிக் கிடைத்த பங்கைச் சந்தையில் விற்பது வேறு விஷயம். சந்தேகம் இருந்தால், விற்பதற்கு முன் கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு ஒரு மெயில் போட்டு, பதில் எழுத்தில் வரும்வரை ஆர்டர் போடாமல் இருக்க வேண்டும்.