மேனேஜரிடம் கேட்கவேண்டியதும் மென்ட்டரிடம் சொல்லக்கூடாததும்

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனம். அங்கே ஒன்றரை ஆண்டாக வேலை பார்க்கும் 24 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலருக்கு நடப்பதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறேன், அவ்வளவுதான். முதலில் சேர்ந்த ப்ராஜெக்ட் முடிந்து இரண்டு மாதம் பெஞ்ச்சில் இருந்துவிட்டு, புது டீமுக்குப் போகிறார். புது மேனேஜர் அப்ரைசலில் குறைந்த ரேட்டிங் போட்டு, 60 நாள் பி.ஐ.பி.யில் வைக்கிறார். இத்தனை நாளுக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டவேண்டும், இல்லாவிட்டால் மேல்நடவடிக்கை என்று நிறுவனம் எழுத்தில் விதிக்கும் கெடுதான் பி.ஐ.பி.

சேர்ந்த புதிதில் நிறுவனமே அவருக்கு ஒரு மென்ட்டரை ஒதுக்கியிருந்தது. வேறு டீமில் இருக்கும் சீனியர், நல்ல மனிதர். அவரிடம், “பெங்களூர் கம்பெனி ஒண்ணுல ரெண்டு ரவுண்ட் முடிச்சிட்டேன் அண்ணா” என்று சொல்லிவிடுகிறார். அடுத்த வாரமே அது மேனேஜர் காதுக்குப் போய்விடுகிறது. பதற்றத்தில், இணைய விளம்பரத்தில் பார்த்த கேரியர் கோச் ஒருவருக்கு 45,000 ரூபாய் கட்டுகிறார். 90 நாளில் வேலை உறுதி என்று அந்தக் கோச் வாக்குக் கொடுத்திருந்தார்.

மேனேஜர், மென்ட்டர், கோச் மூன்று பேரிடமும் இவர் எதிர்பார்த்தது உதவிதான். ஆனால் மூன்று பேரும் மூன்று வேறு இடங்களில் நிற்பவர்கள். எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். என் ரேட்டிங்கை எழுதுவது யார்? நான் இங்கே சொல்வது யாரிடம் போய்ச் சேரும்? இவருக்குப் பணம் கொடுப்பது யார்?

ரேட்டிங்கை எழுதுபவர் மேனேஜர். வேலை ஒதுக்குவது, லீவுக்கு ஒப்புதல் தருவது, பி.ஐ.பி.யைத் தொடங்குவது எல்லாம் அவர் கையில். அதனாலேயே அவரிடம் கேட்டுப் பெறவேண்டியவையும் அதிகம். இளம் ஊழியர்கள் பெரும்பாலும் மேனேஜரிடம் அன்பை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். கேட்கவேண்டிய தெளிவைக் கேட்பதில்லை. இந்தப் பெண்ணுக்கு வந்த பி.ஐ.பி. கடிதத்தில் “கம்யூனிகேஷன் மேம்படவேண்டும், பொறுப்பு எடுத்துக்கொள்ளவேண்டும்” என்று இரண்டே வரி. இதில் தேறினாரா இல்லையா என்பதை 60-ஆம் நாள் எதை வைத்து முடிவு செய்வார்கள்? ஒழுங்காக எழுதிய பி.ஐ.பி. என்றால், வாரத்துக்கு எத்தனை டிக்கெட் முடிக்கவேண்டும், எத்தனை பிழைக்கு மேல் போகக்கூடாது, யார் சரிபார்ப்பார், எந்தத் தேதிகளில் மறுபார்வை, என்ன பயிற்சி தரப்படும் என்றெல்லாம் இருக்கும். அளக்க முடியாத இலக்கு, முதல் வாரத்திலேயே ரத்தாகும் மறுபார்வைக் கூட்டம், கெடு முடியும் முன்பே வேலையை வேறொருவருக்கு மாற்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், முடிவை முன்பே எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம்.

அப்படியானால் செய்யவேண்டியது, கடிதம் வந்த ஓரிரு நாளில் மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரு மின்னஞ்சல். கோபம் தெரியாத நாலு வரி போதும். கடிதம் கிடைத்தது, இலக்கை எண்ணிக்கையில் சொல்லுங்கள், வாராந்தர மறுபார்வைக்குத் தேதி கொடுங்கள், முந்தைய டீமில் நான் செய்த வேலைக்கு வாடிக்கையாளர் தந்த பாராட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும், அதில் பேசியதைச் சுருக்கி அன்றே அனுப்பிவிடவேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆதாரம் சேர்க்கிறேன் என்று வாடிக்கையாளரின் கோப்புகளையோ நிரலையோ சொந்த மெயிலுக்கு அனுப்பினால், அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ரேட்டிங் கடிதம், பி.ஐ.பி. கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றின் தேதியையும் சாரத்தையும் குறித்து வைத்தால் போதும்.

அடுத்து வருவது பெரும்பாலும் ஒரு மூடிய அறை. ஹெச்.ஆர். மென்மையாகச் சொல்வார்: “நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு சுத்தமா இருக்கும்மா. இல்லேன்னா டெர்மினேஷன்னு வரும்.” இங்கேதான் உரிமை கைநழுவுகிறது. தானாக விலகியவர் என்று ஆகிவிட்டால், நீக்கம் நியாயமா என்ற கேள்வியே எழாது. கட்டாயத்தில் எழுதிக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில் விழும். அந்த அறையிலேயே கையெழுத்துப் போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வரலாம். வந்ததும், விலகும்படி இன்று என்னிடம் சொல்லப்பட்டது, எனக்கு அந்த எண்ணம் இல்லை என்று மெயில் போட்டுவிடவேண்டும்.

தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல், அல்லது அதற்கு ஈடான சம்பளம் தராமல், நீக்கக்கூடாது என்கிறது. விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனத்துக்கு மட்டும் அந்த முன்னறிவிப்பு தேவையில்லை. நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் இதில் இடம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படியும் தனிநபர் நீக்கம் ஒரு தொழில் தகராறுதான். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். ஈராண்டு என்று கெடு இருந்தாலும் முதல் மாதத்திலேயே போவது நல்லது.

“நாங்கள் ஐ.டி., எங்களுக்குத் தொழிலாளர் சட்டமா?” என்ற சந்தேகம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பதவியின் பெயர் இதை முடிவு செய்வதில்லை. செய்யும் வேலைதான் முடிவு செய்யும். சென்னையில் 2015-ல் நீக்கப்பட்ட ஓர் ஐ.டி. ஊழியரை, அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் என்று நிறுவனம் வாதிட்ட பிறகும், அவர் செய்தது தொழில்நுட்ப வேலையே என்று கண்டு மீண்டும் பணியில் சேர்க்கச் சொல்லி 2022-ல் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர ஏழு ஆண்டு ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வழக்கு ஒரு வழி. வேகமான வழி அல்ல. வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயப்படும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி எண் 15100.

இனி மென்ட்டர். ரேட்டிங் அவர் கையில் இல்லை. அவருக்கு நாம் பணம் கொடுப்பதும் இல்லை. அவர் தருவது தன் அனுபவத்தை மட்டும்தான்: இந்தக் கம்பெனியில் எந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆள் தேவைப்படும், உள்ளேயே டீம் மாற யாரிடம் பேசவேண்டும், அப்ரைசல் படிவத்தில் சாதனையை எப்படி எழுதினால் எடுபடும். இதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. மாதம் ஒருமுறை முக்கால் மணி நேரம், முன்கூட்டியே அனுப்பிய இரண்டு கேள்விகளோடு போனால், எவ்வளவு வேலை உள்ளவரும் மனமுவந்து பேசுவார்.

ஆனால் மென்ட்டருக்குச் சொன்னதை ரகசியமாக வைக்கவேண்டும் என்ற சட்டக் கடமை எதுவும் பொதுவாக இல்லை. நிறுவனம் ஒதுக்கிய மென்ட்டர் நிறுவனத்தின் ஊழியர். அவருடைய மேனேஜரும் உங்கள் மேனேஜரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கவும் வேண்டாம். “பாவம், அந்தப் பொண்ணு வெளியே பார்க்குது, கொஞ்சம் கவனிங்க” என்று பரிந்து பேசியதாகவே இருக்கும். ஆகவே முதல் சந்திப்பிலேயே, நான் சொல்வதில் எதையெல்லாம் ஹெச்.ஆருக்கு அனுப்புவீர்கள் என்று நேராகக் கேட்டுவிடலாம். வெளி வேலைத் தேடல், மேனேஜரைப் பற்றிய புகார், உடல்நல விவரம் ஆகிய மூன்றும் நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் மென்ட்டருக்கு உரியவை. கல்லூரி சீனியரோ, பழைய டீம் லீடோ அந்த இடத்துக்குப் பொருந்துவார். மேனேஜர் மீது முறையான புகார் கொடுப்பதானால், அதற்கு மென்ட்டர் வழியல்ல, ஹெச்.ஆருக்கு எழுத்தில் போகவேண்டும்.

உதவி செய்தார் என்ற நன்றியைப் பிடியாக வைத்து வரம்பு மீறுகிற மென்ட்டர்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் அழைப்பு, ஓட்டல் அறையில் ‘டிஸ்கஷன்’, பரிந்துரைக்கு ஈடாக வேறு எதிர்பார்ப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 இதற்கும் பொருந்தும். அலுவலகச் சுவருக்குள் நடந்திருக்கவேண்டும் என்பதில்லை; வேலை நிமித்தம் போன இடமும் பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்கவேண்டும். அங்கே மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாத அவகாசம் கிடைக்கும். சிறிய நிறுவனமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு.

கோச் தொழில்முறை ஆள். அவர் தன் அனுபவத்தைச் சொல்ல வந்தவர் அல்ல. ஒரு குறிப்பிட்ட குறையை, குறிப்பிட்ட அமர்வுகளுக்குள், கேள்விகளாலும் பயிற்சியாலும் சரிசெய்ய உதவுபவர். கூட்டத்தில் பேச நடுங்குகிறேன், ‘முடியாது’ என்று சொல்ல வரவில்லை போன்றவற்றுக்கு நல்ல கோச் பயன்படுவார். வேலை வாங்கித் தருவது அவர் தொழிலே அல்ல. இந்தியாவில் கோச் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. 1995-ல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். மூன்று நிலைகளில் சான்று தருகிறது. அவற்றுக்கு முறையே 100, 500, 2,500 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும். சான்று இருப்பதாகச் சொன்னால் ஐ.சி.எஃப். தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம். சான்று இல்லாத நல்லவர்களும் உண்டுதான். ஆனால் எத்தனை அமர்வு, என்ன கட்டணம், பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார், பேசியது வெளியே போகாதா என்பவற்றை எழுத்தில் தர மறுப்பவரிடம் பணம் கட்டக்கூடாது.

சில நேரம் நிறுவனமே கோச்சை அமர்த்தும். அப்போது ஒப்பந்தம் மூன்று பேருக்கிடையில்: நிறுவனம், கோச், நீங்கள். ஹெச்.ஆருக்கு வருகைப் பதிவு மட்டும் போகுமா, பேசியதன் சாரமும் போகுமா என்பதை முதல் அமர்வுக்கு முன்பே தெரிந்துகொள்ளவேண்டும்.

நம் பெண் 45,000 ரூபாய் கட்டியது தன் கையிலிருந்து. 90 நாள் கழித்துக் கிடைத்தது, பொதுவான பயோடேட்டா மாதிரி ஒன்றும் பதிவு செய்த நாலு வீடியோவும். இது நுகர்வோர் தகராறு. முதலில் விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன ரசீது மூன்றையும் சேர்த்துக்கொண்டு, 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் கேட்கவேண்டும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதிடலாம். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கோச் டெல்லியில் இருந்தாலும். சிக்கல் வருவது ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கும், நிறுவனத்தின் பெயரோ விலாசமோ தெரியாமல் யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு யு.பி.ஐ.யில் அனுப்பியவர்களுக்கும்தான். அதனால் பணம் கட்டும் முன் ஜி.எஸ்.டி. எண்ணோ முழு விலாசமோ உள்ள பில்லைக் கேளுங்கள். அதைத் தராதவருக்கு நோட்டீஸ் அனுப்பக்கூட விலாசம் இருக்காது.