பதினாறு எண்களும் ஒரு வரிசையும்

1945 டிசம்பரில் வெளியான ‘பயோமெட்ரிக்ஸ் புல்லட்டின்’ இதழில் நான்கே பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் ஃபிராங்க் வில்காக்சன். அவர் கணிதப் பேராசிரியர் அல்ல, வேதியியலாளர். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் பூச்சிக்கொல்லி ஆய்வில் இருந்தவர். எந்த மருந்து ஈக்களை அதிகம் கொல்கிறது என்று கண்டறிவது அவருக்கு அன்றாட வேலை. ஒவ்வொரு சோதனைக்கும் நேரமும் பொருளும் செலவாகும் என்பதால், கையில் கிடைப்பவை எப்போதும் சில எண்கள்தான். அந்தச் சில எண்களிலிருந்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையே இன்று மருத்துவ ஆய்வு முதல் வேளாண் ஆய்வு வரை புழங்கும் தரக்கூட்டுச் சோதனை. இரண்டு ஆண்டுகள் கழித்து மான், விட்னி என்ற இருவர் அதே சோதனையை வேறு வடிவில் விரித்து எழுதினார்கள். ஆகவே மான்–விட்னி சோதனை என்ற பெயரிலும் அதைப் பார்க்கலாம்.

வில்காக்சன் தன் கட்டுரையில் எடுத்துக்கொண்ட முதல் உதாரணமே ஈ மருந்துதான். இரண்டு கலவைகள், ஒவ்வொன்றுக்கும் எட்டுத் தெளிப்புகள். ஒவ்வொரு தெளிப்பிலும் நூற்றுக்கு எத்தனை ஈக்கள் செத்தன என்ற கணக்கு இது:

அ மருந்து: 68, 68, 59, 72, 64, 67, 70, 74
ஆ மருந்து: 60, 67, 61, 62, 67, 63, 56, 58

அ மருந்தின் சராசரி 67.75; ஆ மருந்தின் சராசரி 61.75. வித்தியாசம் 6. இது மருந்தின் வேலையா, தற்செயலா?

வழக்கமாக இங்கே கைகொடுப்பது டி-சோதனை. சராசரிகளின் வித்தியாசத்தை, எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதோடு அது ஒப்பிடுகிறது. இந்தத் தரவுக்கு டி மதிப்பு 2.78 வருகிறது. ஐந்து சதவீத அளவில் தேறுவதற்கு 2.145 போதும் என்பதால் அ மருந்து தேறிவிடுகிறது. ஆனால் அந்த 2.145 என்ற எல்லைக்கோடு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. எண்கள் இயல்நிலைப் பரவலில், அதாவது நடுவில் திரண்டு இருபுறமும் சமமாக மெலியும் மணி வடிவில், வந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் தரவு இருந்தால் இந்த நிபந்தனை கொஞ்சம் பிசகினாலும் பெரும்பாலும் பாதகமில்லை. ஏனென்றால் சராசரிகள் தாமாகவே மணி வடிவை நெருங்கிவிடும். எட்டு எண்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும் என்பதை இதே தரவில் ஓர் எண்ணை மாற்றிப் பார்த்துவிடலாம். அ மருந்தின் கடைசித் தெளிப்பில் 74-க்குப் பதில் 98 சதவீத ஈக்கள் செத்ததாக வைத்துக்கொள்வோம். அ மருந்து முன்பைவிட இன்னும் நன்றாக வேலை செய்திருக்கிறது. சராசரி வித்தியாசமும் 6-இலிருந்து 9 ஆக உயர்ந்துவிட்டது. ஆனால் டி மதிப்பு 2.06 ஆக இறங்குகிறது; அ மருந்து தேறவில்லை! ஒற்றை 98 சராசரியை மேலே தூக்கியதைவிட, சிதறலை இன்னும் வேகமாக ஊதிப் பெரிதாக்கிவிட்டது. திட்ட விலக்கம் 4.3-இலிருந்து 8.7-க்குப் போய்விட்டது. நல்ல சான்று கூடியதால் முடிவு பலவீனமானது என்றால், அந்த இடத்தில் கருவி பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம்.

இயல்நிலை இருக்கிறதா என்று சோதிக்கவே ஷாபிரோ–வில்க் போன்ற சோதனைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். சிறிய மாதிரியில் அவை அதிகம் உதவுவதில்லை. எட்டு எண்களை வைத்துக்கொண்டு பரவலின் உருவத்தைக் கண்டுபிடிக்க அவற்றுக்குப் போதிய வலு இல்லை. கோணலான பரவலிலிருந்து வந்த எண்களைக்கூடப் பெரும்பாலும் ‘குறை ஒன்றும் தெரியவில்லை’ என்று விட்டுவிடும். அளக்கப்படும் பொருளின் தன்மையைப் பார்ப்பதே மேலான வழி. சதவீதம் 0-க்குக் கீழும் 100-க்கு மேலும் போகாது. எனவே விளிம்பை நெருங்கும்போது மணி வடிவம் ஒரு பக்கம் நசுங்கும். நோய் குணமாக எடுக்கும் நாட்கள், இரத்தத்தில் ஒரு பொருளின் அளவு, வருமானம் போன்றவை ஒரு பக்கம் நீண்ட வால் விடும். ஐந்து படிகளில் மதிப்பிடச் சொல்லும் வலி அளவுகோல் முதலிலேயே வெறும் வரிசைதான். இத்தகைய அளவீடுகளில், தரவைச் சேகரிக்கும் முன்பே தரக்கூட்டுச் சோதனை என்று தீர்மானித்துவிடுவது நல்லது. இரண்டு சோதனைகளையும் போட்டுப் பார்த்து, சாதகமான விடையை எடுத்துக்கொள்வது நேர்மையான ஆய்வு ஆகாது.

வில்காக்சனின் வழி எளிது: எண்களின் அளவை மறந்துவிட்டு, அவற்றின் இடத்தை மட்டும் வைத்துக்கொள்வது.

முதலில் இரு மருந்துகளின் பதினாறு எண்களையும் ஒன்றாகக் கலந்து, சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்க வேண்டும். எந்த எண் எந்த மருந்துடையது என்ற அடையாளம் மட்டும் அழியக் கூடாது. 56 முதலிடம், 58 இரண்டாமிடம், 59 மூன்றாமிடம் என்று போய், 64 எட்டாமிடத்தில் நிற்கிறது. அடுத்து மூன்று 67-கள் வருகின்றன. அவை 9, 10, 11 ஆகிய இடங்களைப் பிடிக்கின்றன. சமமான எண்களில் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த நியாயமில்லை. எனவே மூன்றுக்கும் நடு இடமான 10 தரப்படுகிறது. இரண்டு 68-களும் 12, 13 இடங்களைப் பகிர்ந்து ஆளுக்கு 12.5 பெறுகின்றன. பிறகு 70-க்கு 14, 72-க்கு 15, 74-க்கு 16.

இனி ஒவ்வொரு மருந்தின் தர எண்களையும் தனித்தனியே கூட்ட வேண்டும். ஆ மருந்துக்கு 4, 10, 5, 6, 10, 7, 1, 2, கூட்டினால் 45. அ மருந்துக்கு 91. இரண்டும் சேர்ந்து 136. ஒன்று முதல் பதினாறு வரை கூட்டினால் வருவதும் 136 என்பதால் கணக்கு சரி. இந்தச் சரிபார்ப்பைத் தவறவிடக் கூடாது; தர எண் இடுவதில் நேரும் பிழைகள் பெரும்பாலும் இங்கேயே அகப்பட்டுவிடும்.

மருந்துகளுக்குள் வித்தியாசமே இல்லையென்றால் இரண்டுக்கும் பாதிப் பாதியாக 68 அளவில் வந்திருக்கும். ஆ மருந்துக்கு வந்ததோ 45. இது எவ்வளவு அபூர்வம்?

சிறிய கணக்கில் தொடங்கினால் எளிதாகப் புரியும். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று தெளிப்புகள் மட்டும் என்று கொள்வோம். ஆறு இடங்களில் மூன்றை ஒரு மருந்துக்கு ஒதுக்க 20 வழிகள் உண்டு. மருந்துகள் ஒன்றுபோல இருந்தால் 20-க்கும் சம வாய்ப்பு. மிகக் குறைந்த கூட்டுத்தொகை 1 + 2 + 3 = 6; அது ஒரே வழியில்தான் வரும். எதிர்த்திசையில் அதேபோல் ஒன்று. ஆக, மிகத் தெளிவான முடிவு வந்தாலும் அது தற்செயலாக நேரும் வாய்ப்பு 20-இல் 2, அதாவது 0.1. குழுவுக்கு மூன்று அளவீடுகள் எடுத்தவர், இரு திசையும் பார்க்கும் இந்தச் சோதனையில் 0.05 என்ற எல்லையை ஒருநாளும் தொட முடியாது. நான்கு எடுத்தால் வழிகள் 70 ஆகின்றன. மிகக் குறைந்த வாய்ப்பு 0.029-க்கு இறங்குகிறது. பரிசோதனையைத் திட்டமிடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. பல சமயம் தரவு கைக்கு வந்த பிறகே தெரியவருகிறது என்பது வருத்தமான விஷயம்.

எட்டுக்கு எட்டு என்றால் வழிகள் 12,870. அவற்றில் கூட்டுத்தொகை 45 அல்லது அதற்கும் குறைவாக வருபவை 95. எதிர்த்திசையையும் சேர்த்து 190. 190-ஐ 12,870-ஆல் வகுத்தால் 0.015 அளவில் வருகிறது. இதுவே பி மதிப்பு. சம எண்கள் இல்லாத நிலைக்கான கணக்கு என்பதால், இந்தத் தரவுக்கு இதை நெருக்கமான மதிப்பாகக் கொள்ளலாம். மணி வடிவம் பற்றி எங்கும் பேச்சே எழவில்லை. எண்ணிக்கை மட்டுமே நடந்திருக்கிறது. மாற்றப்படாத தரவுக்கு டி-சோதனையும் ஏறக்குறைய இதே 0.015-ஐத்தான் தருகிறது.

இப்போது 74-ஐ மறுபடி 98 ஆக்கிப் பார்க்கலாம். 74 ஏற்கனவே கடைசி இடத்தில் இருந்தது. 98-ம் அதே பதினாறாம் இடத்தில்தான் நிற்கும். கூட்டுத்தொகைகள் 91, 45 என்றே இருக்கின்றன. பி மதிப்பும் அசையவில்லை. டி-சோதனையிலோ அது 0.058-க்கு ஏறிவிட்டிருந்தது. அளவை இழப்பதற்குக் கொடுக்கும் விலையும் அதிகமில்லை: தரவு உண்மையிலேயே இயல்நிலையில் இருந்தாலும், பெரிய மாதிரிகளில் தரக்கூட்டுச் சோதனையின் திறன் டி-சோதனையினுடையதில் 95 சதவீதத்துக்குச் சற்று மேல்.

பி மதிப்போடு நிறுத்திக்கொண்டால் வாசகருக்குப் பாதிதான் கிடைக்கும். வித்தியாசம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அ மருந்தின் ஒவ்வோர் எண்ணையும் ஆ மருந்தின் ஒவ்வோர் எண்ணோடும் மோதவிட்டால் 64 ஜோடிகள். அவற்றில் 54-இல் அ வெல்கிறது, 8-இல் ஆ வெல்கிறது, 2 சமம். சமத்துக்கு அரை வீதம் கொடுத்தால் 55-க்கு 9. அந்த 9 நேரடியாகவும் கிடைக்கும்: 45 − 36 = 9. இதைத்தான் மான்–விட்னி அட்டவணைகள் `U` என்கின்றன. அந்த 64 வித்தியாசங்களையும் அடுக்கி நடு மதிப்பை எடுத்தால் 6.5 சதவீதம் வருகிறது. 98 வந்தாலும் இந்த 6.5 மாறுவதில்லை.

கணினியில் `R` மொழியில் இது மூன்றே வரி:

```
a <- c(68, 68, 59, 72, 64, 67, 70, 74)
b <- c(60, 67, 61, 62, 67, 63, 56, 58)
wilcox.test(a, b)
```

விடையில் `W = 55` என்று வரும். பி மதிப்பு 0.015-க்குப் பதிலாக 0.018 அளவில் வந்து, கூடவே `cannot compute exact p-value with ties` என்ற எச்சரிக்கையும் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. சம எண்கள் இருப்பதால், ஒவ்வொரு வழியாக எண்ணுவதை விட்டு மென்பொருள் தோராயக் கணக்குக்குப் போயிருக்கிறது. இரண்டு மூன்று சம எண்களால் இந்த அளவு வித்தியாசம்தான் வரும். பாதி எண்கள் சமமாக இருந்தால் மட்டும் அளவுகோலையே சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சோதனை இரு குழுக்களின் இடைநிலைகளை ஒப்பிடுகிறது என்று பல கையேடுகள் எழுதுகின்றன. இரு பரவல்களின் உருவமும் ஒன்றாக இருந்து, ஒன்று தள்ளி நின்றால் மட்டுமே அது சரி. ஒரு மருந்தின் எண்கள் நெருங்கியும் மற்றதன் எண்கள் பரந்தும் கிடந்தால், இடைநிலைகள் சமமாக இருக்கும்போதே சோதனை வித்தியாசம் காட்டக்கூடும். எனவே பதினாறு எண்களையும் இரண்டு வரிகளில் புள்ளிகளாக வரைந்து, சிதறலைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. எட்டுத் தெளிப்புகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டுத் தனிச் சோதனைகளாக இருக்க வேண்டும். ஒரே கூண்டு ஈக்களை எட்டு முறை எண்ணி எழுதினால் அது எட்டு ஆகாது, ஒன்றுதான். அந்தக் குறையைத் தர எண்களாலும் சரிசெய்ய முடியாது. ஒரே நாளில் ஒரே கூண்டு வகையில் அ, ஆ இரண்டையும் ஜோடியாகத் தெளித்திருந்தால் அதற்கு வேறு சோதனை வேண்டும்: ஜோடிகளின் வித்தியாசத்துக்குத் தர எண் இட்டு, கூட்டல் கழித்தல் குறியோடு கூட்டும் முறை. வில்காக்சன் அதையும் அதே நான்கு பக்கங்களுக்குள் தந்திருக்கிறார்.