பதவி உயர்வு வாழ்த்து: உருபும் வழக்கும்

புனே மாவட்டத்திலுள்ள தளேகாவில் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்கே பணிபுரியும் தமிழ் இளைஞர் ஒருவர், உடன் பணியாற்றும் மூத்த தமிழர் பதவி உயர்வு பெற்றதை அறிந்து, பின்வருமாறு ஒரு குறிப்பு எழுதினார் எனக் கொள்வோம்:

"வணக்கம் ஐயா. உற்பத்தி மேலாளருக்குப் பதவி உயர்த்தப்பட்டதன் மேல் உங்களுக்கு வாழ்த்துகிறேன். இது உங்கள் தொப்பியில் இன்னோர் இறகு."

சொற்கள் யாவும் தமிழ்ச் சொற்களே. ஆயினும் கருத்துத் தடுமாறுகிறது.

முதலாவது, 'மேலாளருக்கு' என்னும் சொல். ஆங்கிலத்தில் 'டு' என வரும் இடமெல்லாம் தமிழில் 'கு' உருபு வராது. 'மேலாளருக்குப் பதவி உயர்வு' என்றால், முன்பே மேலாளராக இருப்பவர் உயர்வு பெற்றார் என்று பொருள்படும். உயர்வு பெற்றவரே வேறொருவராகிவிடுகிறார்! புதிதாக அடைந்த பதவியைக் காட்ட 'ஆக' வேண்டும்: 'மேலாளராகப் பதவி உயர்வு பெற்றீர்கள்'.

இரண்டாவது, 'மேல்'. வாழ்த்துக்குக் காரணம் சொல்லுமிடத்தில் ஆங்கிலம் 'ஆன்' என்றும், இந்தி 'பர்' என்றும் சொல்லும். மராத்தியோ 'பத்தல்' என்னும். தமிழில் 'மேல்' என்பது 'மேசையின் மேல்' என இடத்தையும், 'அவர்மேல் அன்பு' என உணர்வு சென்று சேரும் ஆளையும் காட்டும். வாழ்த்தின் காரணத்தைக் காட்டத் தமிழில் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' வரும்: 'உயர்வு பெற்றமைக்கு வாழ்த்துகள்'.

மூன்றாவது, 'உங்களுக்கு வாழ்த்துகிறேன்'. வாழ்த்துதல் என்னும் வினை 'ஐ' உருபை ஏற்கும். ஆகவே 'உங்களை வாழ்த்துகிறேன்' என்பதே சரி. 'வாழ்த்துகள்' என்னும் பெயர்ச்சொல் வரும்போது மட்டும் 'உங்களுக்கு வாழ்த்துகள்' எனலாம். இளைஞர் இவ்விரு தொடர்களையும் கலந்துவிட்டார்.

இறுதியாக, தொப்பியில் இறகு. இஃது ஆங்கில மரபுத்தொடரின் நேர் மொழிபெயர்ப்பு. தமிழ் மட்டும் அறிந்தவர், 'ஐயா தொப்பி அணிவதில்லையே!' என்று வியப்பார். உழைப்பின் பயனாக வந்த பெருமையைத் தமிழர் மகுடமாகக் கூறுவர்.

திருத்திய குறிப்பு இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் உற்பத்தி மேலாளராகப் பதவி உயர்வு பெற்ற செய்தி அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். தங்கள் பல்லாண்டு உழைப்புக்கு இது மணிமகுடம். தங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்."

மூத்தவருக்கு எழுதுவதால் 'நீங்கள்' என்பது 'தாங்கள்' ஆயிற்று. 'தாங்கள்' என்று தொடங்கினால் இறுதிவரை 'தங்கள்', 'தங்களுக்கு' என்றே எழுதுதல் வேண்டும். இடையில் 'உங்கள்' கலத்தல் கூடாது.

பயிற்சி: பின்வருவனவற்றைத் திருத்தி எழுதுக.
1. அக்காள் தலைமை ஆசிரியருக்கு உயர்த்தப்பட்டார்.
2. வெற்றியின் மேல் தம்பிக்கு வாழ்த்தினேன்.