122 சதவீதம் என்கிறார்கள், அது எப்படி வந்தது?

மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிய ஊழியர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவதில்லை. அவர்களுக்காகத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் குழு மருத்துவக் காப்பீடு எடுக்கின்றன. தனிநபர் பாலிசியில், போன வருடம் ஆஸ்பத்திரிச் செலவை வாங்கினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் ஒருவருக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்ற முடியாது. குழு பாலிசியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. குழு வாங்கிய கிளெய்மைப் பார்த்துத்தான் அடுத்த வருட விலையே போடுகிறார்கள். விகிதம் அதிகமென்றால் பழைய பிரீமியத்தின் மேல் ஒரு கூடுதல் சுமை ஏறும். அதற்குப் பெயர் லோடிங்.

ஓசூரில் 400 ஊழியர்கள் கொண்ட ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். ஊழியர், மனைவி அல்லது கணவர், இரண்டு குழந்தைகள், பெற்றோர் எல்லோரும் பாலிசிக்குள் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு 5 லட்சம். பாலிசி தொடங்கியபோது கட்டிய பிரீமியம் 60 லட்சம். பத்து மாதம் முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மெயில் வருகிறது: இதுவரை கிளெய்ம் 61 லட்சம், பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டினால் 73 லட்சம், கிளெய்ம் விகிதம் 122 சதவீதம். மருத்துவச் செலவு ஏற்றத்துக்கு 10 சதவீதம் கூட்டி, நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்கும் பிரீமியத்தில் 15 சதவீதம் ஒதுக்கினால் 58 சதவீத லோடிங் வேண்டும்.

இங்கேதான் பல நிறுவனங்கள் சறுக்குகின்றன. "நாங்கள் ஏழு வருட வாடிக்கையாளர், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று பதில் போகும். விலை போடுகிறவர் அந்த வரியைப் படிக்கக்கூட மாட்டார். அவர் மேசையில் இருப்பது ஒரு எக்செல் கோப்பு. அந்தக் கோப்பில் உள்ள எண்கள் மாறினால்தான் விலை மாறும்.

ஆகவே எழுத வேண்டிய முதல் கடிதம் பேரம் அல்ல, கோரிக்கை. கிளெய்ம் வாரியான முழுப் பட்டியலைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, கேட்ட தொகை, கொடுத்த தொகை, நிலுவையில் ஒதுக்கிய தொகை, நோயாளி ஊழியருக்கு என்ன உறவு என்பது இருக்க வேண்டும். டி.பி.ஏ.விடம் இது தயாராகவே இருக்கும். பாலிசி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் கையில் கிடைத்தால் எதையும் சரிபார்க்க நேரமிருக்காது.

பட்டியல் வந்ததும் முதலில் துருவ வேண்டியது நிலுவைப் பத்தி. நம் உதாரணத்தில் 61 லட்சத்தில் 52 லட்சம் கொடுத்தாகிவிட்டது, 9 லட்சம் நிலுவை. காஷ்லெஸ் அனுமதி கொடுக்கும்போதே டி.பி.ஏ. ஒரு தொகையை ஒதுக்கிவிடுகிறது. அறுவை சிகிச்சையை நோயாளி ரத்து செய்தாலும், பில் அனுமதித்ததைவிடக் குறைவாக வந்தாலும், யாராவது அந்த ஒதுக்கீட்டை மூடும்வரை அது கிளெய்மாகவே கணக்கில் நிற்கும். ஐந்து மாதத்துக்கு முந்தைய அனுமதி, டிஸ்சார்ஜ் தேதி காலி, கொடுத்த தொகை பூஜ்யம். இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அந்த ஊழியரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டால் போதும். "மாமியாருக்கு ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார், மருந்துலயே சரியாயிடுச்சு." இப்படிப்பட்ட வரிகளை நீக்கியதும் 3 லட்சம் குறைந்து, கிளெய்ம் 58 லட்சம் ஆகிறது.

அடுத்தது பிரீமியம். காப்பீட்டு நிறுவனம் 60 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் நான்கு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, மீதி எட்டு மாதத்துக்கு 4 லட்சம் தனியாகக் கட்டியிருக்கிறது தொழிற்சாலை. அவர்களுடைய கிளெய்ம் மட்டும் கணக்கில் ஏறி, அவர்கள் கட்டிய பிரீமியம் ஏறாமல் போவது எந்த ஊர் நியாயம்? பத்து மாதக் கிளெய்முக்கு எதிரே பத்து மாதத்துக்கு உரிய பிரீமியத்தை வைக்க வேண்டும். பழையதில் 50 லட்சம், புதியவர்களுடையதில் 3 லட்சம், ஆக 53. விகிதம் 109 சதவீதம். இன்றைய ஆள் கணக்குக்குப் பழைய விலையில் ஒரு முழு வருடப் பிரீமியம் 66 லட்சம் வரும். லோடிங்கை இந்தத் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும், 60 லட்சத்தோடு அல்ல.

மூன்றாவது, ஒரே ஒரு பெரிய கிளெய்ம். ஒரு ஊழியரின் தந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாற்பது நாள். குடும்பத்துக்கான 5 லட்சம் தீர்ந்து, நிறுவனத்தின் பொது ஒதுக்கீட்டிலிருந்து இன்னும் 4 லட்சம் போனது. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. இந்த 9 லட்சத்தையும் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டுவது, அதே விபரீதம் இன்னொரு முறையும் அதே வேகத்தில் நடக்கும் என்று சொல்வதற்குச் சமம். அதற்காக அதைச் சுத்தமாக நீக்கு என்று கேட்பதும் தவறு. 400 குடும்பத்தில் அடுத்த வருடம் வேறு யாருக்காவது பெரிய நோய் வரத்தான் செய்யும். பெரிய கிளெய்முக்கென்று 4 லட்சத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அந்தப் பக்கமும் யோசிக்கும்.

இப்போது அவர்களுடைய வாய்ப்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். பெரிய கிளெய்ம் போக மீதி 49 லட்சம். இன்றைய ஆள் கணக்குக்கும் முழு வருடத்துக்கும் அது 61 லட்சம் ஆகும். அதோடு 4 லட்சம், ஆக 65. அதே 10 சதவீத ஏற்றம், அதே 15 சதவீத ஒதுக்கீடு. வரும் பிரீமியம் சுமார் 84 லட்சம், அதாவது 27 சதவீத லோடிங். பதில் கடிதத்தின் மையம் இந்த ஒரு பத்திதான்: "உங்கள் முறையை ஏற்கிறோம். கீழ்க்கண்ட மூன்று உள்ளீடுகளைத் திருத்தினால் 27 சதவீதம் வருகிறது. திருத்தத்துக்கான வரிகள் இணைப்பில் உள்ளன."

109 சதவீதமும் நஷ்டம்தான். அதை மறைக்கக் கூடாது. கடைசி இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களின் பில் இன்னும் வந்திருக்காது என்று அவர்கள் சொன்னால் அதுவும் உண்மை. அதற்கு ஓரிரு லட்சம் சேர்ப்பதை ஒப்புக்கொள்வதே மரியாதை. வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்ற மிரட்டலும் அவ்வளவாக எடுபடாது. புதிய கம்பெனி கேட்கும் முதல் ஆவணமே பழைய கிளெய்ம் விவரம்தான்.

இன்னும் குறைக்க வேண்டுமென்றால் பாலிசியின் சலுகையில் கை வைக்க வேண்டும். முதலில் எல்லோர் கண்ணும் பெற்றோர் மேல்தான் விழும். அவர்களைத் தனியாக்கி, விரும்புகிற ஊழியர் பணம் கட்டட்டும் என்றால், நோயாளிப் பெற்றோர் உள்ளவர்கள் மட்டுமே சேருவார்கள். அடுத்த வருடம் அந்தத் தனிக் குழுவின் விகிதத்தைப் பார்க்கவே முடியாது. அறை வாடகை வரம்பு இன்னும் மோசம். வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டுப்படும். டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் நிற்கும்போதுதான் ஊழியருக்கு அது தெரியும். என் கணக்கில், பெற்றோர் கிளெய்மில் மட்டும் 10 சதவீதத்தை ஊழியர் ஏற்பது இவற்றில் குறைந்த தீமை. தொகை முன்கூட்டியே தெரியும், தேவையில்லாத அட்மிஷனும் கொஞ்சம் குறையும். ஆனால் இதை ஒப்புக்கொள்வதானால், லோடிங்கில் அதற்கு எத்தனை சதவீதம் குறைகிறது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேச்சு நீண்டு முடிவுத் தேதி நெருங்கினால், பழைய விலையில் பதினைந்து நாள் அல்லது ஒரு மாத நீட்டிப்புக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குரிய பணத்தை முன்னதாகவே கட்டிவிட வேண்டும். 1938-ஆம் வருடக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வராமல் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாது. பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பது இடைப்பட்ட நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு உதவாது.