விடுதி பூட்டி வைத்த பத்தாயிரம்

கொழும்பில் ஒரு விடுதியில் தங்கப் போனபோது, என் டெபிட் அட்டையைச் சொருகி 10,000 ரூபாவைப் பிணைவைப்பாகப் பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அறை வாடகையைக் காசாகக் கட்டிவிட்டு வெளியேறினேன். யாழ்ப்பாணம் திரும்ப பஸ்ஸுக்குக் காசெடுக்கப் போனால், கணக்கில் போதிய மீதி இல்லை என்றது ஏ.டி.எம்.

உண்மையில் அந்தப் பணம் விடுதியிடம் போகவே இல்லை. அட்டையைச் சொருகியதும் என் வங்கி அந்தத் தொகையை என் கணக்கிலேயே பூட்டி, விடுதிக்கு ஓர் அனுமதி இலக்கத்தைக் கொடுக்கிறது. கணக்கு மீதி அப்படியே இருக்கும். எடுக்கக்கூடிய மீதிதான் குறையும். அதே அட்டையில் வாடகையைக் கட்டியிருந்தால் அந்தப் பூட்டிலிருந்தே கழித்திருக்கலாம். நான் காசாகக் கட்டியதால் பூட்டு தனியே நின்றது.

வரவேற்பாளர் என் கண்முன்னே பிணைச்சீட்டைக் கிழித்துப் போட்டார். அது வெறும் கடதாசி. விடுதி தன் இயந்திரத்தில் ரத்துச் செய்தால்தான் வங்கிக்குத் தெரியவரும். இல்லாவிட்டால் பூட்டின் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அது வங்கிக்கு வங்கி மாறும். கடனட்டையென்றால் கடன் எல்லைதான் குறையும், டெபிட் அட்டையில் முடங்குவது சாப்பாட்டுக் காசு.

திங்கட்கிழமை வங்கியில் முதலில் கேட்டது அந்த அனுமதி இலக்கத்தைத்தான். விடுதிக்கு அழைத்து, அவர்களின் பிரதியிலிருந்து இலக்கத்தை வாங்கி, ரத்துச் செய்யவும் சொன்னேன். புதன்கிழமை மாலை பணம் விடுபட்டது. இப்போது சீட்டைக் கிழிக்க விடுவதில்லை. ரத்துச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் படியிறங்குகிறேன்.